நாக்கு எரிகிறது, புண் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

"மிளகாய்ப்பொடி தூவினாற்போல் எரிகிறது கண்ணு, தொண்டையும் வறண்டு கிடக்கிறது" என்றார் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் பெரியம்மா. அதற்குள் வாய்ப்புண் களிம்பு மூன்று டியூப் தீர்ந்திருந்தது. புண்ணே இல்லாத வாயில் அந்தக் களிம்புக்கு என்ன வேலை?

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கின் அடி, ஓரங்கள், கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, கட்டி, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கு, புகையிலை போடுபவருக்குக் காரம் பட்டால் மட்டும் எரிந்து, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால் அது வேறு நோய்.

அடுத்து, ஒரு வாரத்துக்கு எரிச்சலைக் குறித்து வையுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கும்போது என நான்கு வேளையும் 0 முதல் 10 வரை ஓர் எண் போதும். பெரியம்மாவின் காலண்டரில் காலை 1, மதியம் 4, மாலை 8 என்றிருந்தது. சாப்பிடும்போது மட்டும் குறைந்தது. புண் இல்லாமலே வாய் எரியும் பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்ற நோயில் இப்படி ஏறுவது வழக்கம். நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எரிந்து, வேறு காரணம் எதுவும் அகப்படாதபோதுதான் அந்தப் பெயரை வைப்பார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம்.

வறட்சி உண்மையானதா என்றும் பாருங்கள். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைத் தண்ணீர் இல்லாமல் மென்று விழுங்க முடிந்தால் உமிழ்நீர் பெரும்பாலும் போதுமான அளவு சுரக்கிறது. நரம்புதான் வறட்சி என்று ஏமாற்றுகிறது. முடியாவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமை, மன அழுத்த மாத்திரைகள் சில வாயை உலர்த்தும்.

சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரில், ராமிப்ரில் வகைகளாலும் வாய் எரியலாம்; ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். பெரியம்மா பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அவருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 140 பிகோகிராம்தான் இருந்தது. 200க்குக் கீழே என்றாலே குறைவு. ஊசி போட்ட இரண்டு மாதத்தில் மாலை எண் 8இலிருந்து 5க்கு இறங்கியது.

மீதி எரிச்சலுக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. நுரையும் புதினாவும் இல்லாத பற்பசைக்கு மாறினார், ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பானை விட்டார், மாலையில் பனிக்கட்டித் துண்டைச் சப்பினார். அதன்பின் மருத்துவர் குளோனாசெபாம் எழுதினார்: மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் நாக்கில் கரையவிட்டு, எச்சிலோடு துப்பிவிட வேண்டும். இது தூக்கம் வரவழைக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். ஆகவே சீட்டு இல்லாமல் தொடக்கூடாது.

இப்போது மாலை எண் 3. தட்டுவடை செட் வாங்கினால் மட்டும், காரச் சட்னி தடவாமல் கேட்கிறார்.