மொபைல் சர்வீஸ் கடையில் ஆள் சேர்த்த பிறகு வரும் நஷ்டங்கள்

தனி ஆளாகக் கடை நடத்தும்வரை எந்தப் போன் யாருடையது, அதில் என்ன கோளாறு, எவ்வளவு சொன்னோம் என்பதெல்லாம் மனத்திலேயே இருக்கும். இரண்டு பையன்கள் வேலைக்குச் சேர்ந்ததும் இது போதாமல் போகிறது. நன்றாக வேலை தெரிந்த பலர் சறுக்குவது இங்கேதான். முதலாளியின் கைப்பழக்கம் வேலையாளுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள்.

முதல் தவறு, போனை வாங்கும்போது நிலையை எழுதாமல் விடுவது. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே டச், முன் பின் கேமரா, மைக், ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுவது, கைரேகை, நெட்வொர்க் ஆகியவற்றைப் பார்த்து ஜாப் ஷீட்டில் குறிக்க வேண்டும். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றி அவரிடமே கொடுத்துவிடலாம். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வந்தவர் மீது சந்தேகம் இருந்தால், KYM என்று அடித்து ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும்.

சிக்கல் அதிகம் வருவது ஆன் ஆகாத போனில். எதையும் சோதிக்க முடியாது என்பதால் பையன் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவான். போர்டு சரியாகி உயிர் வந்ததும், "அண்ணே, கொடுக்கும்போது கேமரா நன்றாகத்தானே இருந்தது?" என்று கேள்வி வரும். "ஆன் ஆகவில்லை, மற்றவை சோதிக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பேச்சே எழாது.

பேட்டரி, டிஸ்பிளே வேலைகளுக்கு லாக் பேட்டர்னைக் கேட்டு எழுதி வைப்பதும் வேண்டாத பழக்கம். அவசர அழைப்புத் திரையிலேயே எண்களைத் தட்டி டச் பார்க்கலாம். பெரும்பாலான போன்களில் லாக் திரையிலிருந்தே கேமரா திறக்கும். ஒருவருடைய குடும்பப் படங்கள் கடைப்பையன் கைக்குப் போக நாம் வழி வைக்கக் கூடாது. இதில் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது, டிஸ்பிளே காம்போவை ஒட்டிவிட்டுப் பிறகு சோதிப்பது. அனுபவம் உள்ளவர், பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல், ஃப்ளெக்ஸை மட்டும் போர்டில் மாட்டி, வெளிச்சத்தையும் டச்சையும் மூலைமூலையாகப் பார்த்த பிறகே பசை தொடுவார். புதிய ஆளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். படலம் உரிந்து பசை பட்டுவிட்டால், ரிச்சி தெருவோ உங்கள் ஊர் மொத்தக் கடையோ, பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை. காம்போ விலை 1,400 ரூபாய், பில் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 800. ஒரு காம்போ வீணானால், ஏறக்குறைய இரண்டு வேலைகளின் வரவு போய்விடும். வாடகையும் சம்பளமும் இந்த 800க்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது, பில் தொகையில் சதவீதம் பேசி ஆள் வைப்பது. சார்ஜ் ஏறாத போன்களில் கணிசமானவை, சார்ஜிங் துளையில் பஞ்சும் தூசியும் அடைந்து வருபவை. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் எடுத்துவிட்டால் 100 ரூபாய் வேலை. சதவீதத்துக்கு உழைப்பவன் சார்ஜிங் போர்டையே மாற்றி 600 ரூபாய் பில் போடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, நாம் வகுத்த கணக்கு அப்படி. இன்னொரு தீமையும் உண்டு. திரும்பி வரும் போனுக்குச் சதவீதம் கிடையாது என்பதால் அது மேசை ஓரத்தில் நாள்கணக்கில் கிடக்கும். நிலையான சம்பளம் கொடுத்து, முடித்த வேலை 30 நாள் திரும்பி வராமலிருந்தால் அதற்கு மட்டும் ஊக்கத்தொகை தருவது நல்லது. ஜாப் ஷீட்டில் வேலை செய்தவர் பெயர் இருந்தால்தான் இது நடக்கும்.

கடைசியாக, போர்டு வேலையைச் சொல்லித்தராமல் பூட்டி வைப்பது. கற்றுக்கொண்டு எதிர்த்தெருவில் கடை போட்டுவிடுவான் என்ற பயம் நியாயமானதே. அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் ஸ்பேர் வாங்கப் போகும் நாளெல்லாம் போர்டு வேலை நின்றால், கடை வளர வழியில்லை. கழித்துப்போட்ட போர்டுகளை முதலில் அவனிடம் கொடுங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையைச் சார்ஜிங் கனெக்டரின் ஒவ்வொரு காலிலும் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். அதே மாடலின் நல்ல போர்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். மாறுபடும் காலிலிருந்து கோளாறைத் தேடலாம். அந்த நோட்டு கடையிலேயே இருக்கட்டும்; அவன் போனாலும் அடுத்து வருபவன் அதிலிருந்து தொடங்குவான்.