முகாமில் ஹீமோகுளோபின் 11.4 வந்தால்

சாட்ஸ்வர்த் கோயில் மண்டப முகாமில் விரலில் குத்திப் பார்த்ததில் ஒரு அக்காவுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.4 கிராம் என்று காட்டியது என்று வையுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு எல்லை 12, ஆனால் இந்தச் சின்ன மீட்டர் ஆய்வகக் கணக்கிலிருந்து 1 கிராம் வரை விலகுவது சகஜம், அதனால் அவருக்கு ரத்தசோகை என்று இதை வைத்தே முடிவுகட்ட முடியாது. விரல் சில்லென்று இருந்து ரத்தம் வராமல் பிழிந்தெடுத்தால் திசுநீரும் கலந்து எண் குறையலாம் (குளிர்காலத்தில் இதுதான் பெரிய தொல்லை). கையைச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறி வரும் பெரிய துளியை எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கு 1 கிராம் மேலோ கீழோ வந்தால், இரும்புச்சத்து மாத்திரை தொடங்குமுன் கை ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதில் சிவப்பணு சிறிதா பெரிதா என்பதும் தெரியும். 8-க்குக் கீழே என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.