ஸ்கேல், ரப்பர் பேண்ட், பலூன் டிரம்: மூணாங்கிளாஸ் பசங்களுக்கு சத்தம் பத்தி மூணு சோதனை

இந்த மூணும் எல்லா சயின்ஸ் புக்லயும் இருக்கிறதுதான், ஆனா ரப்பர் பேண்ட் சோதனைய மட்டும் புக்ல இருக்கிற மாதிரியே செஞ்சா பசங்க முன்னாடி திருதிருன்னு முழிக்க வேண்டியிருக்கும். "இழுத்து மீட்டுனா கீச்சுனு வரும், தடிமனா இருந்தா கட்டையா வரும்"னு போட்டிருப்பாங்க. எட்டு வயசு புள்ள ரெண்டு கையில புடிச்சு இழுத்துப் பாத்துட்டு "இல்லையே ஆன்ட்டி, அதே சத்தம்தான வருது"ன்னு சொல்லும், உண்மையிலயே கிட்டத்தட்ட அதே சத்தம்தான் வருது. ஏன்னு கீழ சொல்றேன். அதனாலதான் நான் ஸ்கேல்ல ஆரம்பிக்கிறேன், ரப்பர் பேண்ட் ரெண்டாவது, டிரம் கடைசி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பசங்களுக்கு "சத்தம் ஜாஸ்தி"ன்னா பலமா கேக்குறதும் அதுதான், கீச்சுனு கேக்குறதும் அதுதான். நீங்க ஒண்ணு கேப்பீங்க, அவங்க வேற ஒண்ணுக்கு பதில் சொல்வாங்க. அதனால பெரிய ஆள் மாதிரி கட்டைக் குரல்ல மெதுவா ஒரு தடவ, பலமா ஒரு தடவ பேசச் சொல்லுங்க, அப்புறம் எலி மாதிரி கீச்சுக் குரல்ல அதே ரெண்டையும். "பலமா / மெதுவா" வேற, "கீச்சு / கட்டை" வேறன்னு புரிஞ்சதுக்கு அப்புறம் தொடங்குங்க.

1. ஸ்கேல்

30 செ.மீ ஸ்கேல் வேணும். ஸ்டீல் ஸ்கேல்தான் பெஸ்ட், கெட்டியான பிளாஸ்டிக் பரவால்ல, ரெண்டா மடிச்சாலும் ஒடையாதுன்னு விக்கிற கொழகொழ ஸ்கேல் வேணவே வேணாம். மர டேபிள் இல்ல பிளைவுட் டேபிள்ல வைங்க. கிரானைட் மேடைலயும் சிமென்ட் திண்ணைலயும் சத்தம் சரியா எழும்பாது, ஏன்னா பாதி வேலைய டேபிள்தான் செய்யுது, ஸ்கேலோட ஆட்டம் பலகைக்குப் போயி பலகை சேந்து ஆடினாத்தான் நம்ம காதுக்கு நல்லா வரும்.

டேபிள் விளிம்புக்கு வெளிய 25 செ.மீ நீட்டி, மிச்சத்த அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நுனிய கீழ தட்டி விடுங்க. அப்புறம் 20, 15, 10, 5.

எல்லாரும் மாட்டுறது அமுக்குற எடத்துலதான். பசங்க ஸ்கேலோட உள் நுனிய ரெண்டு விரலால புடிப்பாங்க, விளிம்பு பக்கம் லூசா இருக்கும், தட்டுனதும் "டர்ர்ர்"னு ஒரு சத்தம் வரும், உடனே சூப்பரா வேலை செய்யுதுன்னு நினைப்பாங்க. அது ஸ்கேல் டேபிள அடிக்கிற சத்தம். எவ்ளோ நீட்டுனாலும் அந்த டர்ர் கூடவே இருக்கும், அதனால நீளத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்னே பிடிபடாது. சரி பண்ண, சரியா விளிம்பு மேல வர்ற மாதிரி ஒரு தடி புக்க ஸ்கேல் மேல வச்சு ஒரு புள்ள ரெண்டு உள்ளங்கையாலயும் அமுக்கணும், இன்னொரு புள்ள தட்டணும். தச்சர் வச்சிருக்கிற சி-கிளாம்ப் கெடைச்சா இன்னும் நல்லது. சரியா புடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்னா, 25 செ.மீ வச்சுத் தட்டுனா கண்ணுக்கு ஆட்டம் நல்லா தெரியணும், காதுக்கு கிட்டத்தட்ட எதுவுமே கேக்கக்கூடாது.

அந்த அமைதிய வேகமா தாண்டிப் போயிடாதீங்க, கேளுங்க: "ஆடுது, ஆனா கேக்கல. ஏன்?" நம்ம காது நொடிக்கு சுமாரா 20 தடவைக்கு மேல ஆடுனாத்தான் அத சத்தமா எடுத்துக்கும். 25 செ.மீ நீட்டுன ஸ்கேல் அதுக்குக் கீழ ஆடுது. உள்ள தள்ளத் தள்ள ஒரு எடத்துல முணுமுணுப்பு ஆரம்பிக்கும், அந்த எடத்த பசங்களே கண்டுபிடிச்சு எத்தன செ.மீன்னு எழுதட்டும். ஸ்கேலுக்கு ஸ்கேல் அது மாறும், ஆளாளுக்கு ஒரு நம்பர் வந்தா தப்புன்னு திருத்தாதீங்க.

கேக்க வேண்டிய மத்த கேள்விகள், ஒவ்வொரு தடவையும் தட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும்: இப்ப கீச்சா வருமா கட்டையா வருமா? எது சீக்கிரம் நிக்கும்? 5 செ.மீல நுனி ஆடுறது கண்ணுக்குத் தெரியலையே, ஆடுதுன்னு எப்படி நிரூபிப்ப? (விரல் நுனியால லேசா தொட்டா கூசும், சத்தமும் பட்டுனு நின்னுடும், இத அவங்களே கண்டுபிடிப்பாங்க.) நுனில துணி கிளிப் ஒண்ணு மாட்டுனா என்ன ஆகும்?

பெரியவங்களுக்கு ஒரு கணக்கு. நீளத்த பாதியாக்குனா வேகம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 24 செ.மீல நொடிக்கு 12 தடவ ஆடுதுன்னு வச்சுக்கிட்டா 12 செ.மீல 48. போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தா பாக்கலாம், பசங்களுக்கு இந்தக் கணக்கு இப்ப வேணாம்.

2. ரப்பர் பேண்ட்

மொதல்ல தப்பா வர்ற சோதனையவே செய்ய விடுங்க. பெரு விரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் மாட்டி, காது பக்கத்துல வச்சு, இன்னொரு கையால மீட்டச் சொல்லுங்க. (கண்ணு பக்கம் கொண்டு போகக்கூடாது, அந்துபோனா சுளீர்னு அடிக்கும்.) லேசா இழுத்து, நல்லா இழுத்து, இன்னும் இழுத்து. தொய்வா இருந்து இறுக்கமாகுற வரைக்கும் சுருதி ஏறும், அதுக்கப்புறம் எவ்ளோ இழுத்தாலும் கொஞ்சமாத்தான் ஏறும்.

காரணம் என்னன்னா ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் மாறுது. இழுத்தா இறுக்கம் கூடுது, அது சுருதிய ஏத்தும். ஆனா நீளமும் கூடுது, அது சுருதிய இறக்கும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குது. வீணைல பிருடைய முறுக்குறப்ப மீட்டுற கம்பியோட நீளம் மாறுறதில்ல, இறுக்கம் மட்டும்தான் மாறுது, அதனால அங்க சுருதி பளிச்சுனு ஏறுது.

அதனால நாமளும் நீளத்த பூட்டி வைக்கணும். மூடி இல்லாத செவ்வக ஸ்டீல் டிபன் பாக்ஸ் எடுங்க. செருப்பு வாங்குன அட்டை டப்பா வேணாம், ரப்பர் பேண்ட் இழுக்குற இழுப்புல அட்டை உள்ள வளையும், ஒவ்வொரு தடவையும் இறுக்கம் மாறும், ஒண்ணும் விளங்காது. பாக்ஸ நீளவாக்குல சுத்தி ஒரே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. ரெண்டு ஓரத்துலயும் பேண்டுக்கு அடியில குறுக்கால ஒவ்வொரு பென்சில் வைங்க, பேண்ட் பென்சில் மேல மட்டும் படணும், பாக்ஸ் விளிம்புல படக்கூடாது. பட்டுச்சுன்னா "டொக்"குனு செத்த சத்தம் வரும்.

இப்ப நடுவுல மீட்டிக்கிட்டே, பாக்ஸோட பக்கவாட்டுல இருக்கிற பேண்ட விரலால கீழ இழுங்க. பென்சிலுக்கு நடுவுல நீளம் அதேதான், இறுக்கம் மட்டும் கூடுது, சுருதி ஏறுறது சந்தேகமே இல்லாம கேக்கும். சில சமயம் பேண்ட் பென்சில் மேல சிக்கிக்கிட்டு இழுப்பு மேல வராது, அப்ப பென்சில லேசா உருட்டி விடுங்க.

அடுத்து நீளம். மூணாவது பென்சில சரியா நடுவுல நிமித்தி வச்சு ஒரு பக்கம் மட்டும் மீட்டுங்க. பாட்டு கத்துக்கிற புள்ளை இருந்தா தானா சொல்லும், முழுசா மீட்டுனா ச, பாதியில மேல் ச. மூணுல ரெண்டு பங்கு நீளத்துல வச்சா ப. ஒரு நூல் அளவு தள்ளிப்போனாலும் சரியா வராது, ஆனா பசங்க காதுக்கு போதும்.

தடிமன் விஷயத்துக்கு வர்றேன். ஒரே நீளத்துல ஒண்ணு ஒல்லி, ஒண்ணு பட்டையா ரெண்டு பேண்ட் வாங்கி ஒரே பாக்ஸ்ல மாட்டிப் பாருங்க, சுருதி கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வரும். பட்டை பேண்ட் கனம் ஜாஸ்தி, ஆனா அதே தூரம் இழுபட அதுக்கு இழுவிசையும் அதே மடங்கு ஜாஸ்தி, கணக்கு நேராயிடும். கடையில வாங்குற தடிமன் பேண்ட் கட்டையா கேட்டா, பெரும்பாலும் அது நீளமும் பெருசா இருந்து தொய்வா மாட்டியிருக்கும். கனம் கூடுனா கட்டையாகும்ங்கிற பாடத்த ரப்பர் பேண்ட்ல நடத்தாதீங்க, ஸ்கேல்ல மாட்டுன கிளிப்பும் அடுத்து வர்ற டிரம்மும் அத ஒழுங்கா காட்டும்.

கேள்விகள்: எத மாத்துனோம், எத மாத்தல? கையில இழுத்தப்ப ஏன் இந்த மாதிரி ஏறல? பலமா மீட்டுனா கீச்சாகுதா, இல்ல பலமா மட்டும் கேக்குதா?

இன்னொண்ணு, இத சாதா வீடியோவா எடுத்துக் காட்டாதீங்க. போன் கேமரா படத்த வரி வரியா பதியறதால பேண்ட் பாம்பு மாதிரி நெளியறதா தெரியும், பசங்க அதையே வரைஞ்சு வச்சுக்குவாங்க.

3. பலூன் டிரம்

சின்ன ஸ்டீல் கிண்ணம், வாய் ஒரு சாண விட சின்னதா. பலூனோட கழுத்த வெட்டிட்டு மிச்சத்த சுருக்கமில்லாம இழுத்து மூடி, ரப்பர் பேண்ட் போட்டு கட்டுங்க. வெட்டுன துண்ட உடனே குப்பைல போடுங்க, வீட்ல கைக்குழந்தை இருந்தா வாயில போட்டுக்கும்.

மேல கொஞ்சம் அரிசி போட்டு, பக்கத்துல ஒரு தட்ட கரண்டியால தட்டுனா அரிசி துள்ளும். இது காத்து வழியா வந்த அதிர்வான்னு ஒரு புள்ளையாவது சந்தேகப்படணும். தட்டு டேபிள்ல இருந்தா அதிர்வு டேபிள் வழியாவும் வந்திருக்கலாம். அதனால கிண்ணத்த மடிச்ச துண்டு மேல வைங்க, தட்ட ஒருத்தர் அந்தரத்துல புடிக்கட்டும், அப்பவும் துள்ளுதான்னு பாருங்க.

அடுத்து அரிசிய எடுத்துட்டு தூள் உப்பு, சிட்டிகை போதும். மேல குனிஞ்சு "ம்ம்ம்"னு வாய மூடிக்கிட்டே முனகணும், கட்டையில ஆரம்பிச்சு மெல்ல மெல்ல கீச்சுக்கு ஏத்தணும். ஒரு குறிப்பிட்ட சுருதி வந்ததும் உப்பு திடீர்னு குதிக்கும், தாண்டுனா அடங்கிடும். "ஏன் அந்த ஒரு சுருதில மட்டும்?"ன்னு கேளுங்க. அந்தத் தோலுக்குன்னு தானா ஆடுற வேகம் இருக்கு, குரல் அதோட சேர்றப்ப ஆட்டம் பெருசாகுது.

சுருதிய மாத்தணும்னா, பலூன சுத்தி ஓரத்த இன்னும் இழுத்துட்டு தட்டிப் பாருங்க, கீச்சாகும். பறை வாசிக்கிறவங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டுறது இந்த இறுக்கத்துக்காகத்தான். அப்புறம் சுண்டைக்காய் அளவு சப்பாத்தி மாவ தட்டையாக்கி நடுவுல ஒட்டுங்க, கட்டையாகும். மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பில, ரவைய பிசைஞ்சு ஒட்டுறது இதே கனத்துக்காக. வலது பக்கம் இருக்கிற கருப்பு வட்டம் இன்னும் நுணுக்கமான சமாச்சாரம், சி.வி. ராமன் 1920லயே அதப் பத்தி எழுதியிருக்காரு.

கேள்வி: மாவ நடுவுல இல்லாம ஓரத்துல ஒட்டுனா? பாதி மாவ எடுத்துட்டா?

பின்சேர்க்கை: வாய மூடாம "ஊ"ன்னு கத்துனப்ப உப்பு பறந்துடுச்சு, இது சத்தமா மூச்சுக் காத்தான்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ரெண்டுமே இருக்கும். வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு நோட்டுத் தாள தளர்வா புடிச்சுக்கிட்டு செய்யுங்க, மூச்சு தாள்ல முட்டி நின்னுடும், சத்தம் தாண்டிப் போயிடும். உப்பு ஒரே பக்கமா ஒதுங்குனா மூச்சு, இருந்த எடத்துலயே துள்ளுனா சத்தம்.