கணக்கு மீட்பை அமைப்பது எப்படி: போனையும் மின்னஞ்சலையும் இழந்தவர் வரை

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு நீங்கள் இணையத்தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் உள்ளே வந்து பிள்ளையின் புள்ளிகளைப் பார்ப்பார்கள், மாதக் காசு கட்டுவார்கள். கடவுச்சொல்லை மறந்தவரைத் திரும்ப உள்ளே விடும் வழியை இப்போது அமைக்கப்போகிறோம்.

முதலில், எதைக் கேட்கக்கூடாது

அப்பாவின் பெயர், அம்மாவின் ஊர் போன்ற இரகசியக் கேள்விகள் வேண்டாம். ஊரை அயலில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்பாவின் பெயரைத்தான் எல்லாப் படிவத்திலும் நம் பெயரோடு சேர்த்து எழுதுகிறோம்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். எத்தனை கொப்பிக் கடைகளில் அதைப் போட்டோக்கொப்பி எடுத்திருப்போம்! அதோடு பிறந்த திகதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இலங்கையின் 12 இலக்க அட்டை 1992534 என்று தொடங்கினால், முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 534இல் 500 போனால் 34, அதாவது பெப்ரவரி 3. ஆகவே அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சேர்த்துக் கேட்டாலும் ஒன்றைக் கேட்டதற்குத்தான் சமம்.

படி 1: விண்ணப்பம்

மின்னஞ்சலை எழுதும் பெட்டி ஒன்று போதும். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்: "இந்த முகவரியில் கணக்கு இருந்தால் இணைப்பு அனுப்பப்படும்." இல்லையென்றால் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று ஒருவர் பட்டியலே எடுத்துவிடலாம். பதில் வரும் நேரமும் காட்டிக்கொடுக்கும்: கணக்கு இருந்தால் இரண்டு வினாடி, இல்லாவிட்டால் உடனே என்றால் போதும், ஆள் கண்டுபிடித்துவிடுவார். மின்னஞ்சல் அனுப்பும் வேலையைப் பின்னணி வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் கொடுங்கள்.

படி 2: டோக்கன்

```python
import hashlib
import secrets

token = secrets.token_urlsafe(32)
token_hash = hashlib.sha256(token.encode()).hexdigest()
```

இணைப்பில் போவது யாரும் ஊகிக்க முடியாத எழுத்துத் தொடரான `token`. தரவுத்தளத்தில் நிற்பது, அதிலிருந்து கணித்தெடுத்த, திரும்ப `token` ஆக மாற்ற முடியாத `token_hash` மட்டும். தரவுத்தளம் களவு போனாலும் அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது. 20 நிமிடத்தில் காலாவதியாகட்டும். புதிய டோக்கன் போனதும் பழையதை அழியுங்கள்.

படி 3: இணைப்பைத் திறத்தல்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இணைப்பைத் திறந்தவுடனேயே டோக்கன் பாவிக்கப்பட்டது என்று குறித்துவிடுவார்கள். சில மின்னஞ்சல் சேவைகள் வைரஸ் பார்ப்பதற்காக, ஆள் தொடுவதற்கு முன்பே இணைப்பைத் திறந்து பார்க்கும். உண்மையான ஆள் வரும்போது "இணைப்பு செல்லாது" என்றிருக்கும். ஆகவே `GET` வந்தால் படிவத்தை மட்டும் காட்டுங்கள். புதிய கடவுச்சொல் `POST` ஆக வந்த பிறகே டோக்கனை முடியுங்கள். அந்த நேரத்திலேயே மற்ற எல்லாக் கருவிகளிலும் அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள். களவாக வந்தவர் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம்.

படி 4: எல்லாம் போனவர்

ஒரு தாயின் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. மின்னஞ்சலைக் கடையொன்றில் யாரோ திறந்து கொடுத்தார்கள், அதன் கடவுச்சொல்லும் தெரியாது. இவருக்கு வழி வைக்காவிட்டால், அலுவலகப் பிள்ளை இரக்கப்பட்டுத் தானாகவே தொலைபேசி இலக்கத்தை மாற்றிக் கொடுக்கும். தாக்குபவரும் அந்த இரக்கத்தைத்தான் தேடி ரெலிபோன் எடுப்பார்.

ஆகவே தொலைபேசியில் எதையும் மாற்றாதீர்கள். தாய் திங்கள் காலை 10 மணிக்கு நேரில் வந்து அட்டையைக் காட்டுகிறார். இங்கே பார்ப்பது அட்டையிலுள்ள படத்தையும் ஆளையும், இலக்கத்தையல்ல. ஊழியர் புதிய தொலைபேசி இலக்கத்தைப் பதிகிறார், ஆனால் அது உடனே செல்லாது. 72 மணித்தியாலம் காத்து, வியாழன் காலை 10 மணிக்கே செல்லும். அதன் பிறகே மீட்பு இணைப்பு அந்த இலக்கத்துக்குப் போகும். அந்த இடைவெளியில் பழைய இலக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும், கணக்கு திறந்திருக்கும் கருவிகளுக்கும் அறிவித்தல் போகும்: "உங்கள் கணக்கின் இலக்கத்தை மாற்றக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இல்லையென்றால் நிறுத்துங்கள்." இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் பொத்தான் யாருக்கும், நிலைய அதிபருக்கும்கூட, இருக்கக்கூடாது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. தொலைந்த போனை எடுத்தவரோ, கைவிட்ட இலக்கத்தைப் பிறகு வாங்கியவரோ "நிறுத்து" என்று அழுத்தலாம். அதனால் அந்த இணைப்பு நிறுத்த மட்டுமே உதவவேண்டும், கணக்கைத் திறக்க உதவக்கூடாது. எஸ்எம்எஸ்ஸில் பிள்ளையின் பெயரும் வேண்டாம். ஒருமுறை நிறுத்தப்பட்ட விண்ணப்பத்தைத் தாய் மறுபடி நேரில் வந்து போட்டால், வேறொரு ஊழியர் அட்டையைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். இந்த முறை பழைய இலக்கத்திலிருந்து வரும் நிறுத்தம் தானாகச் செல்லாது. அந்த இரண்டாம் ஊழியர் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.