154ஏ-யை மனப்பாடம் செய்யாதீர்கள், வரையுங்கள்

மாகாண சபையின் சட்டமான நியதிச்சட்டத்துக்கு ஆளுநர் அனுமதி தரும் முறையைச் சொல்வது இலங்கை அரசியலமைப்பின் 154ஏ உறுப்புரை. அதில் ஆளுநரின் அதிகாரங்களைப் பட்டியலாகப் படிக்காமல், திருகோணமலையில் கூடிவந்த கிழக்கு மாகாண சபை நிறைவேற்றிய ஒரு நியதிச்சட்டத்தை அம்புக்குறிகளால் நகர்த்திப் பாருங்கள். சபையிலிருந்து ஆளுநருக்கு ஓர் அம்பு. அவர் அனுமதிக்கலாம், அல்லது மீள் பரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை அதை மீண்டும் நிறைவேற்றினால், இரண்டாவது அம்பு. இனித் திருப்பி அனுப்ப வழியில்லை. அனுமதிக்க வேண்டும், அல்லது ஒரு மாதத்துக்குள் ஜனாதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால், ஆளுநர் அனுமதித்தே ஆக வேண்டும்.

பட்டியலில் ஆளுநர் எல்லாம் வல்லவராகத் தெரிவார். படத்தில்தான் அவருடைய கை எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்று தெரியும். பரீட்சையில் “விமர்சன ரீதியாக ஆராய்க” என்ற வினா கேட்பதும் அதைத்தான்.

மத்திக்கும் மாகாணத்துக்கும் விடயங்களைப் பிரிக்கும் ஒன்பதாம் அட்டவணையின் மூன்று நிரல்களுக்கு இந்தப் படம் உதவாது. எந்த விடயம் எந்த நிரலில் என்பதை நெட்டுருப் போடத்தான் வேண்டும். அப்புறம், சபை கலைந்திருக்கும் காலத்தில் முதல் அம்பே இல்லை. 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபையே அதற்கு உதாரணம்.