ரத்தான அறைகலன் ஆர்டர்: முன்பணம் குறித்த அறிவிப்பைத் திருத்தி எழுதும் முறை

வாடிக்கையாளர் ஒருவர் தம் வீட்டுச் சுவரின் அளவுக்கேற்ப ஒரு புத்தக அலமாரி கேட்டு, மார்ச் 3 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, விலையில் 40 சதவீதத்தை முன்பணமாகச் செலுத்துகிறார். மார்ச் 10 அன்று பலகைகள் அறுக்கப்படுகின்றன. மார்ச் 14 அன்று அவர் ஆர்டரை ரத்து செய்கிறார். கடை எழுதிய முதல் வரைவு இது:

“நீங்கள் ஆர்டரை ரத்து செய்து எங்களுக்கு நஷ்டம் ஏற்படுத்தியதால், உங்கள் முன்பணம் பறிமுதல் செய்யப்படுகிறது. இனி எந்தப் பேச்சுக்கும் இடமில்லை.”

படி 1: ஒப்பந்தப் பிரிவைத் தேடி எடுங்கள். இந்த ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, “மரம் அறுக்கும் வேலை தொடங்கிய பின் ரத்து செய்தால் முன்பணம் திருப்பித் தரப்படாது, மீதித் தொகையும் கோரப்படாது” என்கிறது. அறுக்கும் முன்பே ரத்துக் கடிதம் வந்திருந்தால் இப்பிரிவு பொருந்தாது. அப்போது திருத்த வேண்டியது கடிதத்தை அல்ல, முடிவை.

படி 2: காரணத்தை மாற்றுங்கள். வரைவில் உள்ள பெரிய குறை அதன் கடுமைகூட அல்ல. முன்பணத்தை வைத்துக்கொள்வதற்கு நஷ்டத்தைக் காரணமாகச் சொல்வதுதான். அப்படிச் சொன்னால், “நஷ்டம் எவ்வளவு, கணக்கைக் காட்டுங்கள்” என்ற கேள்வி வரும். ஒப்பந்தமோ நஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை, வேலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதையே பேசுகிறது. ஆகவே பிரிவையும், அதைப் பொருத்தமாக்கும் இரண்டு தேதிகளையும் மட்டும் எழுதுங்கள். ஒரு பிரிவு எழுதப்பட்டிருப்பதாலேயே எவ்வளவு பெரிய தொகையையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது என்பதால், முன்பணம் மிகப் பெரிதாக இருந்தால் அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

படி 3: குற்றம் சாட்டும் சொற்களை நீக்குங்கள். “பறிமுதல்” என்பது தண்டனைபோல் ஒலிக்கிறது. “திருப்பித் தர இயலாது” போதும். ஆனால் “தற்போது இயலவில்லை” என்று எழுதாதீர்கள், பிறகு கிடைக்கும் என்ற நம்பிக்கையை அது தரும். “மன்னிக்கவும், தவறு எங்களுடையது” என்பது போன்ற உபசார வார்த்தையும் வேண்டாம்.

படி 4: மீண்டும் எழுதுங்கள்.

“வணக்கம். அலமாரி ஆர்டரை ரத்து செய்யக் கோரிய தங்கள் மார்ச் 14 கடிதம் கிடைத்தது. அதன்படி ஆர்டரை ரத்து செய்துள்ளோம். தங்கள் சுவரின் அளவுக்கேற்பப் பலகைகள் மார்ச் 10 அன்று அறுக்கப்பட்டுவிட்டன. அறுக்கும் வேலை தொடங்கிய பின் ரத்தாகும் ஆர்டருக்கு முன்பணம் திருப்பித் தரப்படாது என நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு கூறுவதால், அத்தொகையைத் திருப்பித் தர இயலாது. அதே பிரிவின்படி, மீதமுள்ள 60 சதவீதத்தைத் தாங்கள் செலுத்த வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் நகலையும் அறுப்பு வேலைப் பதிவையும் இணைத்துள்ளோம். தேதிகளில் ஏதேனும் பிழை இருப்பதாகக் கருதினால் எழுதுங்கள், சரிபார்த்துப் பதிலளிக்கிறோம்.”

கடுமையைக் குறைப்பதில் பெரும்பங்கு மீதித் தொகை பற்றிய வரிக்கு உண்டு; ஒப்பந்தம் அதே அளவுக்கு வாடிக்கையாளரையும் காக்கிறது என்பதை அது காட்டுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அத்தகைய வாசகம் இல்லையென்றால், இந்த வரியைச் சேர்க்கும் முன் உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுங்கள், ஏனெனில் எழுதி அனுப்பிய பின் மீதியைக் கேட்பது கடினம்.