நிபந்தனை வசனத்தைச் சுருக்கும்போது எங்கே பிழைக்கிறது

யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு உத்தரவாத அட்டை எழுதப் பழகும் பிள்ளைகளின் வரைவுகள் என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன. எழுத்துப்பிழை, கடின சொற்கள் பற்றி இங்கே பேசவில்லை. அவை யாருக்கும் கண்ணில் படும்.

வாக்குறுதியை நிபந்தனையிலிருந்து கழற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஒரு தண்ணீர்ப் பம்பின் அட்டையில் இப்படி ஒரு வசனம் இருந்தது: "கொள்வனவுத் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள், வீட்டுப் பாவனையின்போது, உற்பத்திக் குறைபாட்டால் ஏற்படும் பழுது, வெளியார் எவரும் பம்பைத் திறந்திராதவிடத்து, இலவசமாகத் திருத்திக் கொடுக்கப்படும்."

எழுதியவர் அதை நான்காக வெட்டினார்: "12 மாத உத்தரவாதம் உண்டு. பழுதானால் இலவசமாகத் திருத்தித் தருவோம். இது வீட்டுப் பாவனைக்கானது. பம்பைத் திறக்கக்கூடாது."

வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வசனம் இப்போது எந்தப் பழுதுக்கும் பொருந்தும். உற்பத்திக் குறைபாடு காணாமலே போய்விட்டது. திறந்தால் என்ன ஆகும் என்பதும் இல்லை. வெங்காயத் தோட்டத்துக்கு மணிக்கணக்காக இறைத்து, கொயில் எரிந்த பம்போடு ஒரு ஐயா கடைக்கு வந்தார். "தம்பி, இலவசம் எண்டுதானே கிடக்கு?" என்று அட்டையை நீட்டினார். அவர் கேட்டது சரி. இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய வாசகத்தை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் வழமை. கடைக்காரர் தன் செலவில் திருத்திக் கொடுத்தார்.

வாக்குறுதியை ஒருமுறை சொல்லி, நிபந்தனைகளை அதிலேயே கட்டிவைக்க வேண்டும்:

"கீழுள்ள நான்கும் பொருந்தினால் மட்டும் இலவசமாகத் திருத்தித் தருவோம்.
– வாங்கிய திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் பழுதாகியிருக்க வேண்டும்.
– பம்பை வீட்டுத் தேவைக்கு மட்டும் பாவித்திருக்க வேண்டும்.
– பழுது உற்பத்திக் குறைபாட்டால் வந்திருக்க வேண்டும்.
– வெளியார் எவரும் பம்பைத் திறந்திருக்கக்கூடாது."

"நான்கும்", "மட்டும்" என்ற இரண்டையும் இடம் மிச்சம் பிடிக்க வெட்டாதீர்கள். முதலாவது போனால், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று வாசிக்க வழி உண்டு.

அப்புறம், பழைய வசனத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பத்தாம் மாதம், வீட்டுக் கிணறு, ஆனால் ஊர் மெக்கானிக் திறந்துவிட்டார்: இலவசமா? மின்னல் தாக்கி எரிந்தது: இலவசமா? பழையதிலும் புதியதிலும் ஒரே பதில் வராவிட்டால் நீங்கள் சுருக்கவில்லை, ஒப்பந்தத்தை மாற்றிவிட்டீர்கள்.

பொறுப்பு விலக்கைச் சுருக்குவது

"சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்பதை அலங்காரம் என்று நினைத்து நீக்கி, "எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று முடிக்கிறார்கள். கவனக்குறைவால் ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், ஒப்பந்த வாசகத்தைக் காட்டி விலக இலங்கையின் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இடம் தராது. வாடிக்கையாளருக்கோ அந்தக் குட்டி வசனம், கேட்கவே உரிமை இல்லை என்ற பொய்யைச் சொல்கிறது.

தருவோம், தரலாம்

முதலாவது கடமை, இரண்டாவது கடையின் விருப்பம். மாற்றிப் போடாதீர்கள்.